மூணு கூட்டினால் முப்பது கூடும் சமன்பாடு

மார்த்தாண்டத்தில் தண்ணீர் மட்டக் கண்ட்ரோலர் செய்து கொடுக்கிறோம். 150 சென்டிமீட்டர் வந்ததும் மோட்டார் நிற்க வேண்டிய டேங்கில், ஒரு வீட்டில் 123-லேயே நின்றுவிட்டது. சென்சாரை மாற்றியும் அதே கதைதான். சென்சார் 3 சென்டிமீட்டர் குறைத்துக் காட்டுகிறது என்று எங்கள் பையன் ஃபில்டர் வரியில் ஒரு திருத்தம் போட்டிருந்தான்:

```
y[n] = 0.9*y[n-1] + 0.1*x[n] + 3
```

“மூணு தானே அண்ணே கூட்டினேன்?”

இந்த மாதிரி வேறுபாட்டுச் சமன்பாடு கைக்கு வந்தால் நான் முதலில் உள்ளீடான x-ஐ, அதாவது சென்சார் காட்டும் அளவை, சுழியாக்கிப் பார்ப்பேன். வெளியீடான y-யின் பழைய மதிப்பையும் சுழியாக்கிவிட வேண்டும். மெமரியில் மிச்சம் கிடந்தால் சோதனையே கெட்டுவிடும். நேரியல் அமைப்பு என்றால் அப்போது வெளியீடும் சுழியாகவே இருக்க வேண்டும். இதில் 3, 5.7, 8.13 என்று ஏறி 30-ல் போய் நின்றது. கூட்டிய மூன்று ஒவ்வொரு சுற்றிலும் 0.9 மடங்காகத் திரும்பி வருகிறது; மொத்தம் 3/(1−0.9), அதாவது 30. உள்ளீடு 100 என்றால் 130, 200 என்றால் 230. இரட்டித்தால் இரட்டிக்கவில்லை, ஆகவே நேரியல் இல்லை. திருத்தத்தை 0.1*(x[n]+3) என்று உள்ளே தள்ளியதும் பிழை போனது. கண்டிப்பாகப் பார்த்தால் இதுவும் நேரியல் இல்லைதான், ஆனால் கூடுவது 3 மட்டுமே.

சரி, ஃபில்டரே வேண்டாம், சராசரி போடுவோம் என்று அவன் அடுத்து எழுதியது இது:

```
y[n] = (n*y[n-1] + x[n])/(n+1)
```

நேரியல் சோதனையில் தேறியது. ஆனால் கெழுவில் அளவீட்டின் வரிசை எண்ணான n இருக்கிறதே, அங்கேதான் சந்தேகப்பட வேண்டும். n=0-ல் மட்டும் 1 கொடுத்தால் வெளியீடு 1, 1/2, 1/3. அதே 1-ஐ n=5-ல் கொடுத்தால் 1/6, 1/7. தாமதித்துக் கொடுத்தால் அதே விடை தாமதித்து வரவில்லை, ஆகவே காலமாறா அமைப்பு இல்லை. கரண்ட் வந்து பத்து மணி நேரம் ஆன பெட்டி, டேங்க் காலியாவதைக் கவனிக்கவே கவனிக்காது.

காரணத் தன்மையைப் பார்ப்பது எளிது. வலப்பக்கம் x[n+1] இருந்தால், இன்னும் வராத அளவீட்டைக் கேட்கிறது என்று பொருள். பதிவு செய்த ஃபைலில் ஓட்டலாம், ஓடும் மோட்டாரில் முடியாது.

நிலைத்தன்மை என்றால், உள்ளீடு எல்லைக்குள் இருக்கும்வரை வெளியீடும் எல்லை மீறாதது. பழைய வெளியீட்டில் y[n-1] மட்டுமே இருந்து, அதன் கெழுவும் மாறாமல் இருந்தால், அந்தக் கெழுவைப் பார்த்தால் போதும். அதன் அளவு 1-க்குக் கீழே இருந்தால் நிலையானது. 0.9 தப்பித்தது. மொத்த லிட்டரைக் கூட்டும் y[n] = y[n-1] + x[n] சரியாக 1-ல் நிற்கிறது; அது நிலையற்றது. ஓடாத குழாயில் மீட்டர் நொடிக்கு 0.01 லிட்டர் என்று பொய் சொன்னாலும் ஒரு நாளில் 864 லிட்டர் சேர்ந்துவிடும். அதனால் நள்ளிரவில் அதை அழித்துவிடுகிறோம். அப்படி அழித்ததும் அது காலமாறா அமைப்பாகவும் இருப்பதில்லை, தெரிந்தேதான் செய்கிறோம்.