பந்து விநியோகம் அல்ல, பந்து தொடுத்தல்

போன மாதம் எங்கள் கடலோரத்து ஊர் ஒன்றில் கால்பந்துப் போட்டி நடந்தது. மைக்கில் பேசியவர் தொண்ணூறு நிமிடத்தில் இருபது தடவையாவது சொல்லியிருப்பார்: "கோல்கீப்பர் இப்போது பந்தை விநியோகம் செய்கிறார்." இதே சொல்லைத் தொலைக்காட்சி வருணனையிலும் கேட்டிருக்கிறேன், பயிற்சிக் குறிப்புகளிலும் படித்திருக்கிறேன். இவ்வளவு நாளும் பொறுத்துக்கொண்டதற்குக் காரணம், சொல் தப்பானாலும் ஆட்டம் தப்பாகாது என்ற நினைப்புதான். அந்த நினைப்பு என் அக்காள் மகனால் போயிற்று.

அவனுக்கு வயது பதினான்கு. ஒரு பள்ளி அணிக்குக் கோலி, அதாவது கோல்கீப்பராக நிற்கிறான். அவனுக்குக் கிடைத்த மொழிபெயர்த்த குறிப்பில் ஒரு தலைப்பு: 'அழுத்தத்தின் கீழ் விநியோகம்'. ஆட்டத்தில் அவன் முதல் கோல் கிக்கை வலது பக்கம் கொடுத்தான். அடுத்ததை இடது பக்கம். அப்புறம் நடுவில். அப்புறம் மறுபடி வலது. ஐந்தாவது இடது பக்கம் போனபோது எதிரணிக்காரன் அதற்கென்றே காத்து நின்று பறித்தான், கோல். ஆட்டம் முடிந்து கேட்டேன். "விநியோகம்னா எல்லாருக்கும் ஒரே மாதிரி குடுக்கணும்லா மாமா" என்றான். பையன்மேல் தப்பில்லை. ரேஷன் கடையில் அந்தச் சொல்லுக்கு அதுதான் பொருள்.

சொல்லின் கதை சின்னது. ஆங்கிலத்தில் டிஸ்ட்ரிபியூஷன் என்பது லத்தீனிலிருந்து வந்தது. தனித்தனியாகப் பிரித்து அவரவருக்கு உரியதை ஒதுக்குதல் என்று பொருள். விநியோகம் வடசொல். அங்கே அதற்கு ஒன்றை உரிய வேலையில் ஈடுபடுத்துதல், பயன்படுத்துதல் என்ற பொருளும் உண்டு. தமிழில் அது பிரசாத விநியோகமாகிப் பிறகு பொது விநியோகத் திட்டமாகி, 'பலருக்கும் பங்கு வைத்துக் கொடுப்பது' என்று நிலைத்துவிட்டது. ஆங்கிலக் கால்பந்துக்காரர்கள் தங்கள் சொல்லை இழுத்து நீட்டிப் புதுப் பொருள் ஏற்றிக்கொண்டார்கள். நாம் அந்தப் புதுப் பொருளை விட்டுவிட்டுப் பழைய பொருளை மட்டும் மொழிபெயர்த்தோம்.

கோலி செய்வது என்ன? கையிலோ காலிலோ இருக்கிற ஒரே பந்தை, எதிரணி நெருக்கி வரும்போது, ஒரே ஒருவருக்குப் போய்ச் சேரும்படி செலுத்துவது. வழி மூன்று: பக்கத்தில் நிற்கும் தடுப்பாளருக்குக் கிட்டக் கொடுக்கலாம், எதிரணியின் தலைக்கு மேலே நீட்டி அடிக்கலாம், பந்தைப் பிடித்த வேகத்தில் சட்டென்று எறியலாம். எதைத் தேர்வது என்பதுதான் முழு விஷயமும். அந்தத் தேர்வுக்கு விநியோகம் என்ற சொல்லில் இடமே இல்லை.

பையனின் அந்த ஐந்தாவது பந்தையே எடுத்துக்கொள்ளலாம். இரண்டு பக்கமும் கோலியைத் தவிரப் பத்துப் பத்துப் பேர். எதிரணி ஆறு பேரை முன்னே அனுப்பியிருந்தது. மீதி நான்கு பேர் பின்னால் எங்கள் மூன்று முன்வரிசைக்காரர்களைக் காத்து நின்றார்கள். அப்படியானால் எங்கள் பாதியில் ஏழு பேருக்கு எதிராக ஆறு பேர். கட்டாயம் ஒருவன் ஆளில்லாமல் நிற்பான். கோலியையும் சேர்த்தால் இருவர். இங்கே கிட்டக் கொடுப்பதுதான் சரி, ஆனால் யாருக்கு? இடது ஓரத்துத் தடுப்பாளன் தனியாக நிற்பது போலத் தெரிந்தது. அது தூண்டில். எதிரணிக்காரன் ஒருவன் வேண்டுமென்றே நாலைந்து அடி தள்ளி நின்று, பந்து கோலியின் காலைவிட்டுக் கிளம்பியதும் பாய்ந்தான். வாங்கியவனுக்கு ஒரு பக்கம் எல்லைக்கோடு, மறுபக்கம் ஆள். அவன் பந்தைத் தன் கோலைப் பார்த்துத் திரும்பித்தான் வாங்க முடிந்தது. முதல் தொடுதலே பின்னோக்கிப் போனால், கொடுத்த இடம் தப்பு என்று அந்தக் கணத்திலேயே தெரிந்துகொள்ளலாம். உண்மையில் ஆளில்லாமல் நின்றவன் வலது ஓரத்தில் இருந்தான். ஆனால் 'முறை' இடது பக்கத்துடையது.

இரண்டாம் பாதியில் எதிரணி ஏழாவது ஆளையும் முன்னே தள்ளியது. இப்போது இங்கே ஏழுக்கு ஏழு. கிட்டக் கொடுக்க ஆளே இல்லை. ஆனால் அங்கே மூன்றுக்கு மூன்று, அவர்களுக்குப் பின்னால் பாதி மைதானம் காலி. கோல் கிக்கிலிருந்து நேராகப் பந்தை வாங்கினால் ஆஃப்சைடு கிடையாது என்பதால் எங்கள் முன்வரிசைக்காரன் கடைசித் தடுப்பாளனையும் தாண்டியே நிற்கலாம். நீட்டி அடிக்க வேண்டிய நேரம் அது. எங்கள் ஊரில் கூடுதலாக ஒன்று பார்க்க வேண்டும்: கடற்காற்று எதிரே வந்தால் உயரத் தூக்கிய பந்து நின்றுபோய் நடுவில் விழும், தாழ்வாக அடிக்க வேண்டும். ஆக, கோலி முதலில் எண்ண வேண்டியது தன் முன்னால் எத்தனை பேர் என்பதை அல்ல, தூரத்துக் கடைசி வரிசையில் எத்தனை பேர் என்பதை. இந்தக் கணக்கு 2019க்குப் பிறகு இன்னும் முக்கியமாயிற்று. அந்த ஆண்டு விதி மாறி, கோல் கிக்கைப் பெனால்டி கட்டத்துக்குள்ளேயே சொந்த ஆள் வாங்கலாம் என்றானது. அதற்கு முன்பு பந்து கட்டத்தைவிட்டு வெளியே வந்தாக வேண்டும்.

எறிவதற்கு 2018 உலகக் கோப்பையில் பெல்ஜியம் ஜப்பானை வென்ற ஆட்டத்தைச் சொல்ல வேண்டும். 2-2, தொண்ணூறு நிமிடத்துக்குப் பின் வீணான நேரத்துக்காகச் சேர்த்த நிமிடங்களில் கடைசி நிமிடம். ஜப்பானின் கார்னரைக் கோலி கூர்த்துவா பிடித்தார். ஜப்பான்காரர்கள் பலர் அவருடைய கட்டத்துக்குள் நிற்கிறார்கள். அவர் பந்தை உடனே உருட்டி ஓடுகிற டி பிரய்னாவின் முன்னால் விட்டார். டி பிரய்னா நடுவில் ஓடி வலது பக்கம் முனியேவுக்குக் கொடுக்க, அவர் குறுக்கே தள்ளியதை லுகாகு தொடாமல் விட, ஷட்லி அடித்தார். 3-2. கூர்த்துவா இரண்டு நொடி தாமதித்திருந்தால் ஜப்பான் பாதி தூரம் திரும்பியிருக்கும். அது பங்கு வைத்தல் அல்ல. ஒரு ஆளை, ஒரு வெளியை, ஒரு கணத்தைக் குறிவைத்தது. கையிலிருந்து விடும் பந்துக்கு ஆஃப்சைடு உண்டு, கோல் கிக்கைப் போலக் கடைசித் தடுப்பாளனைத் தாண்டி ஆள் முன்கூட்டியே நிற்க முடியாது, அதனால் கணம் இன்னும் முக்கியம். கோலி எட்டு நொடிக்கு மேல் பந்தைக் கையில் வைத்திருந்தால் எதிரணிக்குக் கார்னர் என்று 2025இல் விதி வந்திருக்கிறது. கணம் இன்னும் சுருங்கிவிட்டது.

சரி, விநியோகம் வேண்டாம் என்றால் எது? மார்த்தாண்டத்தில் எனக்குத் தெரிந்த தமிழாசிரியர் ஒருவர், 'பந்துப் பகிர்வு' என்பார். வடசொல் போய்விடும், மின்வாரியத்தில்கூடப் பகிர்மானம்தானே என்பார். அவருடைய வாதத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. "ஒரு ஆட்டம் முழுக்கப் பாருங்க. பந்து முப்பது நாற்பது தடவை கோலிகிட்டேயிருந்து போகுது, பத்துப் பேருக்கும் போகுது. கூட்டிப் பார்த்தா பகிர்வுதானே?" என்றார். கூட்டிப் பார்த்தால் ஆம். ஆட்டம் முடிந்தபின் தாளில் கணக்குப் போடுகிறவனுக்கு அது பகிர்வு. கோலிக்கு அப்படி இல்லை, அவனுக்கு ஒவ்வொரு தடவையும் ஒரே பந்து, ஒரே ஆள். மேலும், பகிர்ந்தால் என்னிடமும் கொஞ்சம் இருக்கும், உன்னிடமும் கொஞ்சம் இருக்கும். சோற்றைப் பகிரலாம், துக்கத்தைப் பகிரலாம், தண்ணீரைப் பகிரலாம். பந்து முழுதாகப் போய்விடும். பங்கீட்டுக்கும் இதே குறை. தொகுதிப் பங்கீட்டில் எல்லாருக்கும் ஏதாவது கிடைத்தாக வேண்டும். இந்த மூன்று சொல்லிலும் எதிரி இல்லை. ரேஷன் கடைக்காரரிடமிருந்து யாரும் நடுவில் புகுந்து அரிசியைப் பறிப்பதில்லை. வடசொல்லா தமிழா என்பது எனக்கு இரண்டாவது கேள்விதான். தூய தமிழ்ச் சொல்லும் பையனைத் தப்பாக விளையாட வைக்குமானால் அதை மாற்றிய பயன் என்ன?

எனக்குச் சொல் கிடைத்தது தோவாளையில். பூச்சந்தையில் மாலை கட்டுகிற ஒரு அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளிடம், "பூவைத் தொடுக்கும்போது அடுத்த பூவைப் பாத்துத் தொடு" என்றார். தொடுத்தல்! ஒன்றோடு ஒன்றைச் சேர்ப்பது தொடுத்தல், பூ தொடுக்கிறோம். குறிபார்த்துச் செலுத்துவதும் தொடுத்தல், அம்பு தொடுக்கிறோம். தொடங்கி வைப்பதும் தொடுத்தல். போர் தொடுக்கிறோம், வழக்குத் தொடுக்கிறோம். கோலி செய்கிற மூன்றும் இதற்குள் வந்துவிடுகின்றன. கிட்டக் கொடுத்து வரிசையாகக் கோத்துப் போவது பூவைப் போல. நீட்டி அடிப்பதும் எறிவதும் அம்பைப் போல. எப்படிக் கொடுத்தாலும் அணியின் தாக்குதல் அங்கேதான் தொடங்குகிறது. 'பந்து தொடுத்தல்' என்றால் எவனும் வலது இடது என்று முறை வைக்க மாட்டான், குறியைத்தான் தேடுவான்.

ஒரு எச்சரிக்கை. 'தொடுப்பு' என்று பெயராக்க வேண்டாம். எங்கள் மாவட்டத்திலும் நெல்லையிலும் தொடுப்பு என்றால் கள்ள உறவு. மைக்கில் "கோலியின் தொடுப்பு" என்று ஒருவர் சொன்னால் அந்தப் பையன் ஊரில் நடமாட முடியாது. தொடுத்தல், தொடுக்கிறார், தொடுத்தார் என்று வினையாகவே வைத்துக்கொள்ளலாம். தமிழுக்கு வினை நன்றாகப் பொருந்தும். மொழிபெயர்ப்பாளர்கள்தான் எதையும் பெயராக்கி 'செய்கிறார்' என்று ஒட்டவைக்கிறார்கள்.

அந்தக் குறிப்பின் தலைப்பில் மீதியும் இப்படித்தான். 'அழுத்தத்தின் கீழ்' என்றால் யார் எதற்குக் கீழே இருக்கிறார்? ஆள் நெருக்கும்போது என்றால் போதும். உள்ளே இன்னொன்று, 'குறுகிய கட்டுமானம்'. கொத்தனார் வேலை போல இருக்கிறது. அவர்கள் சொல்ல வந்தது, பின்னாலிருந்து கிட்டக் கிட்டத் தொடுத்து வருவது. ஆங்கில வாக்கியத்தைப் படித்தவர் மைதானத்தை ஒரு தடவையாவது நினைத்துப் பார்த்திருந்தால் இந்தச் சொற்கள் வந்திருக்காது. இரவிபுத்தன்துறை மைக்கேல் சூசைராஜ் போன்றவர்கள் தேசிய அளவுக்குப் போன கடற்கரை இது. இங்கே பந்தாடுகிறவர்களிடம் கேட்டாலே பாதிச் சொல் கிடைத்துவிடும். கிட்டக் குடு, நீட்டு, எறி என்று அவர்கள் ஒவ்வொரு மாலையும் கத்திக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

அக்காள் மகனுக்குப் பழைய குறிப்பின் தலைப்பை அடித்துவிட்டு, 'ஆள் நெருக்கும்போது பந்து தொடுத்தல்' என்று எழுதிக் கொடுத்தேன். கீழே ஒரே வரி: அங்கே எத்தனை பேர் என்று முதலில் எண்ணு.