கொண்டை ஊசி வளைவில் பஸ் ஏன் எதிர்ப்பக்கம் வருகிறது?

மலைச் சாலையில் காரில் இறங்கும்போது, கொண்டை ஊசி வளைவில் ஏறி வரும் பஸ் நம் பக்கத்துக்கே வந்துவிடுகிறது. அடாவடியாக ஓட்டுகிறார் என்று கோபம் வரும். பெரும்பாலும் அந்த ஓட்டுநருக்கு வேறு வழி இல்லை.

காரணம் பின்சக்கரங்கள். ஸ்டியரிங் திருப்புவது முன்சக்கரங்களை மட்டும்தான். பின்சக்கரங்கள் முன்சக்கரம் போன தடத்தில் போகாமல், வளைவின் உட்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் உள்ள தூரம் கூடக்கூட இந்த வெட்டும் கூடும். அந்தத் தூரம் 6 மீட்டர் உள்ள பஸ் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் உட்பக்க முன்சக்கரம் 10 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தில் சுற்றினால், உட்பக்கப் பின்சக்கரம் 8 மீட்டர் ஆரத்தில்தான் சுற்றும். பள்ளியில் படித்த பித்தகோரஸ் கணக்குதான் இது. அதாவது 2 மீட்டர் உள்ளே வெட்டுகிறது. அச்சுகளுக்கு நடுவே 2.5 மீட்டர் மட்டுமே உள்ள காருக்கு இதே வளைவில் வெட்டு சுமார் 30 சென்டிமீட்டர்தான்.

இத்தோடு பஸ்ஸின் மூக்கையும் சேர்க்க வேண்டும். முன்சக்கரத்துக்கு முன்னால் இன்னும் 2.5 மீட்டர் உடல் நீட்டிக்கொண்டிருந்தால், அதன் வெளிமூலை வளைவின் வெளிப்பக்கம் துருத்திக்கொண்டு சுழலும். எல்லாம் கூட்டினால், 2.5 மீட்டர் அகலமுள்ள பஸ் திரும்பும்போது அடைத்துக்கொள்ளும் அகலம் 5.5 மீட்டர். சாலை 7 மீட்டர் என்றால் மிச்சம் ஒன்றரை மீட்டர். அதில் கார் நுழையாது.

ஆகவே லேனை விடாமல் ஓட்டுவது என்ற விதி காருக்கும் பைக்குக்கும் முழுமையாகப் பொருந்தும். அவற்றுக்கு வளைவை வெட்ட எந்தத் தேவையும் இல்லை. நீளமான வண்டிக்கு வளைவுக்குள் அது முடியாத காரியம். இடப்பக்கம் ஓட்டும் நாடுகளில் இடப்பக்க வளைவில் ஏறும் பஸ்ஸுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. அதன் லேன் உட்பக்கம் இருக்கும். அங்கே ஏற்றமும் செங்குத்து. ஒரே உயரத்தை உள்விளிம்பு குறைந்த நீளத்தில் ஏறியாக வேண்டும். வளைவில் சாலை 2 மீட்டர் உயர்கிறது என்றால், 8 மீட்டர் ஆரத்தில் அது 25 மீட்டர் நீளத்தில் நடக்கிறது, 12 மீட்டர் ஆரத்தில் 38 மீட்டரில். அதனால்தான் பஸ் அகலமாகச் சுற்றி வருகிறது.

எதிரே வருவது வளைவுக்குள் தெரியாது என்பதால்தான் ஹாரன். ஒலி பாறை முனையைச் சுற்றி ஓரளவு வளைந்து போகும், தாழ்ந்த சுருதி இன்னும் நன்றாகவே வளையும். ஆனால் எப்போது அடிக்கிறோம் என்பது முக்கியம். இரு வண்டிகளும் 20 கிலோமீட்டர் வேகத்தில் நெருங்கினால் 50 மீட்டர் இடைவெளி நான்கரை நொடியில் தீர்ந்துவிடும். வளைவுக்குள் போய் அடித்தால் பயன் இல்லை. முன்பே ஒருமுறை நீளமாக அடித்து, அப்புறம் கண்ணாடியை இறக்கிக் கேட்க வேண்டும். கேட்பதுதான் பலரும் விட்டுவிடும் பாதி. பதில் வரவில்லை என்பதற்காக எதிரே யாரும் இல்லை என்று எடுத்துக்கொள்ள முடியாது. எதிரே பாட்டு ஓடிக்கொண்டிருக்கலாம். இரவில் பாறைமேல் விழும் விளக்கொளி ஹாரனைவிட நம்பகமானது.

சரி, யார் நிற்பது? இறங்குபவர். ஏற்றத்தில் நின்ற கனரக வண்டியை மறுபடி கிளப்பும்போது பின்னால் உருளும் ஆபத்து உண்டு, கிளட்சும் தேயும். இறங்குபவருக்கு பிரேக்கை விட்டால் போதும். 1968-ல் வியன்னாவில் உருவான சாலைப் போக்குவரத்து உடன்படிக்கையும் இதையே சொல்கிறது, விலக்குகளோடு: ஏறுபவருக்கு ஒதுங்கும் இடம் பக்கத்தில் இருந்து, அவர் ஒதுங்காவிட்டால் யாராவது ஒருவர் பின்னால் போக வேண்டிவரும் என்றால், அவரே ஒதுங்கலாம். பின்னால் போயே ஆகவேண்டும் என்றால் கனரக வண்டிக்கு இலகு வண்டி வழிவிட வேண்டும். பாரத்தோடு மலையிறங்கி வரும் லாரிமுன் கார்க்காரர் ஏறுகிறவரின் உரிமை பேசிக்கொண்டு நிற்பது சரியல்ல.

நிற்கும் இடம் வளைவுக்கு முந்தைய நேர்ப்பகுதியாக இருக்க வேண்டும். வளைவின் வெளிவிளிம்பில் ஒதுங்கி நின்றால் பஸ்ஸின் மூக்கு அங்கேதான் வரும்.

பைக்கில் பஸ்ஸின் பின்னால் ஏறுபவருக்கு ஆபத்து வேறு பக்கம் இருக்கிறது. திரும்புவதற்காகப் பஸ் வலப்பக்கம் ஒதுங்கும்போது இடப்பக்கம் தாராளமாக வழி திறந்தது போலத் தெரியும். அதில் புகுந்தால், வெட்டிக்கொண்டு வரும் பின்சக்கரத்துக்கும் பாறைக்கும் நடுவே அந்த இடைவெளி சில நொடிகளில் மூடிவிடும். பஸ்ஸின் பின்பகுதி முன்பகுதியோடு நேராகச் சாலையில் வரும்வரை அது இன்னும் திரும்பி முடிக்கவில்லை.