'எ' என்று வந்த ஏழு

போன மாதம் எங்கள் வீட்டுக் காதுகுத்துக்கு வேன் பிடிக்க வேண்டியிருந்தது. அப்பா குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பெரியம்மா மகனிடம், "தம்பி, உங்க வீட்ல இருந்து எத்தனை பேர்?" என்று கேட்டார். கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது, ஒரே ஒரு எழுத்து:

௭

அப்பா அதை 'எ' என்று படித்துவிட்டு மீதி வரும் என்று காத்திருந்தார். என்னவா, எப்போதுவா, எதற்குவா? வரவில்லை. அம்மா, "பாவம், பஸ்ல இருப்பான், கை தவறி அனுப்பிட்டான்" என்று முடித்துவிட்டாள். ஆனால் அண்ணன் தெளிவாகத்தான் பதில் சொல்லியிருக்கிறார். அது எ இல்லை, தமிழ் ஏழு.

தமிழ் எண்களில் இந்தச் சிக்கல் ஏழோடு நிற்பதில்லை. ௧ பார்க்க க மாதிரி, ௨ உ மாதிரி, ௪ ச மாதிரி, ௮ அ மாதிரி, பத்தைக் குறிக்கும் ௰ ய மாதிரி. ௨ தனியாக வந்தால் பிள்ளையார் சுழி போட்டு ஏதோ தொடங்குகிறார் என்றுதான் யாருக்கும் தோன்றும். பிராமியில் ஒன்று, இரண்டு, மூன்றுக்கு முறையே ஒரு கோடு, இரண்டு கோடு, மூன்று கோடுதான் போட்டார்கள். கை வேகத்தில் எழுத எழுத வளைந்து, கடைசியில் அதே கையெழுத்தில் இருந்த எழுத்துகளின் சாயலுக்கு வந்து சேர்ந்துவிட்டன. வரிக்குள் வந்தால் முன்னே பின்னே இருப்பதை வைத்துப் புரிந்துகொள்ளலாம். "பக்கம் ௭" என்று இருந்தால் யாரும் குழம்ப மாட்டோம். தனியாக வரும்போதுதான் பிடி எதுவும் இல்லாமல் போகிறது.

சரி, நமக்குத்தான் குழப்பம், போனுக்குக் குழப்பமே இல்லை. அது வடிவத்தைப் பார்ப்பதே கிடையாது. யூனிகோடில் ஒவ்வொரு குறிக்கும் ஓர் எண் உண்டு, அனுப்பும்போது போவது அந்த எண் மட்டும்தான், வடிவத்தை வரைவது அந்தப் பக்கத்துப் போனில் இருக்கும் எழுத்துரு. அண்ணன் அனுப்பியதை அப்படியே காப்பி எடுத்து, பக்கத்தில் நானே ஓர் எ தட்டி, பைத்தானில் போட்டுப் பார்த்தேன்:

```
import unicodedata
for c in "எ௭":
    print(hex(ord(c)), unicodedata.name(c))
```

வந்த விடை:

```
0xb8e TAMIL LETTER E
0xbed TAMIL DIGIT SEVEN
```

திரையில் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருப்பவை உள்ளே இரண்டு வேறு ஆட்கள். பைத்தான் தெரியாதவர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது, எனக்கு இதுதான் அதிகம் பிடிக்கும். இணைய முகவரிக்குள் தமிழ் எழுத்து இருக்கும்போது முகவரியைக் காப்பி எடுத்து ஒட்டினால் சதவீதக் குறிகளோடு நீளமாக வருமே, பார்த்திருப்பீர்கள். அது ஒவ்வொரு எழுத்தின் மூன்று பைட்டுகளையும் வரிசையாகக் காட்டுவது. எ என்றால் `%E0%AE%8E`, ௭ என்றால் `%E0%AF%AD`. நடுவில் இருப்பதை மட்டும் பாருங்கள். தனியாக நிற்கக்கூடிய உயிரெழுத்து, மெய்யெழுத்து எல்லாமே `AE`யில் விழும், தமிழ் எண்கள் எல்லாமே `AF`இல் விழும். தமிழ்ப் பகுதி 0B80இல் தொடங்குவதால் முதல் 64 இடங்களுக்கு ஒரு நடு பைட்டும் அடுத்த 64 இடங்களுக்கு இன்னொன்றும் வருகிறது, எண்கள் இரண்டாம் பாதியில் உட்கார்ந்திருக்கின்றன, அவ்வளவுதான். யாரும் நமக்காகத் திட்டமிட்டுச் செய்ததில்லை, ஆனால் கைக்கு வசதி. ஒன்று மட்டும் கவனம்: ீ, ு போன்ற துணைக்குறிகளில் பெரும்பாதியும் `AF`இல் வரும்தான், அவை தனியாக நிற்பவை இல்லை என்பதால் குழப்பாது.

ஒரே வடிவத்துக்கு எதற்கு இரண்டு எண் என்று கேட்கலாம். கணினிக்கு ௭ என்பது மதிப்புள்ள இலக்கம். பைத்தானில் `int("௭")` என்று போட்டால் 7 வரும், `int("௧௨")` என்றால் 12 வரும், `int("எ")` என்றால் பிழை. இதற்கு நேர் எதிராக, பழைய நூல்களைத் தட்டச்சு செய்யும் பலர் ௧௨ என்று இருப்பதைக் கஉ என்று எழுத்தாகவே அடித்துவிடுகிறார்கள். கண்ணுக்கு எல்லாம் சரியாக இருக்கும், எண்ணைத் தேடினால் மட்டும் அகப்படவே அகப்படாது.

இதிலும் ஒரு முடிச்சு உண்டு. `int("௰")` என்று போட்டால் பிழை வரும், ௰ பத்து என்று நமக்குத் தெரிந்திருந்தும்கூட. காரணம் பழைய தமிழ்க் கணக்கில் பூச்சியம் இல்லாததுதான். பத்து, நூறு, ஆயிரத்துக்குத் தனித்தனிக் குறி வைத்து, இருபதை ௨௰ என்றும் 345ஐ ௩௱௪௰௫ என்றும் எழுதினார்கள். இரண்டு பத்து, மூன்று நூறு என்று வாயால் சொல்வதை அப்படியே எழுதுவது. யூனிகோடிலும் முதலில் ௧ முதல் ௯ வரையும் இந்த மூன்று குறிகளும்தான் இருந்தன, தமிழ்ப் பூச்சியம் ௦ சேர்ந்தது 2005இல்தான். அதனால் ௧ முதல் ௯ வரை இடமதிப்புள்ள இலக்கங்கள், ௰ ௱ ௲ மூன்றும் மதிப்பு மட்டும் உள்ள எண் குறிகள் என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். இன்றைய முறையில் பத்தை ௧௦ என்று எழுதினால் பைத்தானும் 10 என்றே படிக்கும். ஜாவாஸ்கிரிப்டில் கதையே வேறு, `Number("௭")` என்றாலே `NaN`தான், அதற்கு 0 முதல் 9 வரை மட்டும்தான் எண். இணையப் படிவம் ஒன்றில் வயதைத் தமிழ் எண்ணில் தட்டி, "சரியான எண்ணை உள்ளிடவும்" என்று திட்டு வாங்கிய அனுபவம் எனக்கு உண்டு.

எழுத்தாகத் தெரிவது ஒரு வகை. கட்டமாகத் தெரிவது இன்னொரு வகை. முந்திரி என்று ஒரு பின்னம் இருக்கிறது, 320இல் ஒரு பங்கு, சாப்பிடும் முந்திரிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. மா, காணி, முந்திரி போன்ற பின்னக் குறிகள் யூனிகோடில் 2019இல்தான் வந்தன. தமிழ்ப் பகுதியில் இடம் பத்தாமல் வெகு தூரத்தில் U+11FC0இல் இருந்து இடம் கொடுத்தார்கள். உங்கள் போனில் உள்ள எந்த எழுத்துருவிலும் அந்த எண்ணுக்குப் படம் இல்லையென்றால் வெறும் கட்டம்தான் வரும். இதில் செய்தி கெடவில்லை, வரைய ஆள் இல்லை. அதே எழுத்தை வேறொரு கருவியில் திறந்தால் சரியாக வரலாம். கட்டத்துக்குப் பதிலாகக் கேள்விக்குறி வந்தால்தான் கவலைப்பட வேண்டும், பெரும்பாலும் நடுவில் ஏதோ ஒரு பழைய மென்பொருள் எழுத்தையே தின்றுவிட்டது என்று அர்த்தம். மூன்றாவதாக `à¯­` மாதிரி à போட்ட கிறுக்கல் வந்தால், மூன்று பைட்டுகளையும் மூன்று தனித்தனி லத்தீன் எழுத்துகளாகப் படித்திருக்கிறது, அதைப் பெரும்பாலும் மீட்டுவிடலாம்.

அண்ணனைக் கூப்பிட்டே கேட்டோம். விசைப்பலகையில் 7ஐக் கொஞ்சம் நேரம் அழுத்திப் பிடித்ததால் வந்ததாம், மாற்றச் சோம்பல். "அப்போ திரும்பி வரும்போதும் ஏழு பேர்தானே?" என்று அப்பா குழுவில் கேட்டார். இந்த முறை வந்தது இது:

௸

தங்கை ஏதோ ஸ்டிக்கர் பாதியில் நின்றுவிட்டது என்றாள். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஓம் மாதிரி இருக்கிறது என்றாள். அப்பா முப்பது வருடம் பத்திரம் எழுதியவர், "௸யார்" என்று நாளுக்கு நாற்பது தடவை எழுதிய கை. நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "மேற்படிங்கிறான்" என்று சொல்லிவிட்டு வேன்காரருக்குப் போன் போட்டார்.