நெடும்பயணத்துக்கு முன் ஒருமுறை சக்கரத்தைக் கழற்றிப் பாருங்கள்

வழியில் நின்றுபோன வாகனங்களுக்குச் சென்று உதவுவதுதான் என் தொழில். பஞ்சர் என்று அழைப்பு வந்தால் ஸ்டெப்னி இருக்கிறதா என்று முதலில் கேட்பேன். பெரும்பாலும் இருக்கிறது என்றுதான் பதில் வரும். ஜாக்கி இருக்கிறது, வீல் ஸ்பானர் இருக்கிறது, ஆவணங்களும் இருக்கின்றன. ஆனாலும் வண்டி நின்ற இடத்திலேயே நிற்கிறது. பயணப் பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொரு பொருளாக டிக் அடிப்பவர்கள், பொருள் இருக்கிறதா என்று பார்க்கிறார்களே தவிர, அது தன் வேலையைச் செய்யுமா என்று பார்ப்பதில்லை. ஆகவே நான் யாருக்கும் நீண்ட பட்டியல் தருவதில்லை. பயணத்துக்கு ஒரு வாரம் முன்பு, சமதளமான இடத்தில் வண்டியை நிறுத்தி, வண்டியில் உள்ள கருவிகளை மட்டும் கொண்டு ஒரு சக்கரத்தைக் கழற்றி ஸ்டெப்னியை மாட்டிப் பாருங்கள் என்று மட்டும் சொல்கிறேன். அந்த ஒரு மணி நேரத்தில் எதெல்லாம் இல்லாமல் திண்டாடுகிறீர்களோ, அவைதான் உங்கள் வண்டிக்கான பட்டியல்.

அண்மையில் பார்த்த ஒரு கார் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. இரவு நேரம், பின்பக்க இடது டயர் பஞ்சர், வண்டியில் நான்கு பேர். டிக்கி நிறையப் பெட்டிகள் இருந்தன. அவற்றை எல்லாம் சாலையோரத்தில் இறக்கிய பிறகுதான் அடித்தட்டைத் தூக்கி ஸ்டெப்னியை எடுக்க முடிந்திருக்கிறது. நான் அளந்து பார்த்தபோது, 33 பிஎஸ்ஐ இருக்க வேண்டிய அந்த டயரில் 15 மட்டுமே இருந்தது. ஐந்து வீல் நட்டுகளில் நான்கை உரிமையாளரே கழற்றியிருந்தார். ஐந்தாவது, திருட்டைத் தடுப்பதற்காகப் போடப்படும் பூட்டு நட்டு. அதைக் கழற்ற வேண்டிய சாவி, கருவிப் பையில் அதற்கென இருந்த குழியில் இல்லை. கடைசியாக டயர் மாற்றிய இடத்தில் அது திரும்ப வைக்கப்படாமல் போயிருக்கலாம் என்று அவர் நினைத்தார். இதற்கிடையில், சாலையோர மண்ணில் நிறுத்தப்பட்டிருந்த ஜாக்கி ஒருபக்கமாகப் புதைந்து சாய்ந்திருந்தது.

வண்டியை இறக்கச் செய்து, ஜாக்கிக்கு அடியில் ஒரு பலகையை வைத்து, என்னிடம் இருந்த எதிர்ப்புரிச் சாக்கெட்டால் அந்தப் பூட்டு நட்டைப் பிடித்துத் திருப்பி எடுத்தேன். எடுத்த நட்டு இனி எதற்கும் பயன்படாது. அதன் பிறகும் சக்கரம் வெளியே வரவில்லை, ஏனெனில் அலாய் வீலின் நடுப்பகுதி துருவினால் ஹப்புடன் ஒட்டிக்கொண்டிருந்தது. இத்தனைக்கும் அந்த வண்டியில் ஒரு பொருளைத் தவிர எல்லாமே இருந்தன. வீட்டு வாசலில் ஒருமுறை கழற்றிப் பார்த்திருந்தால், இந்தக் குறைகளில் ஏறக்குறைய எல்லாமே பகல் வெளிச்சத்தில் தெரிந்திருக்கும்.

இனி ஒவ்வொன்றாகப் பார்ப்போம். டயரில் இருக்கும் காற்று, ஓட்டை எதுவும் இல்லாவிட்டாலும் ரப்பர் வழியாக மெல்லக் கசிகிறது. மாதத்துக்கு ஒன்று முதல் இரண்டு பிஎஸ்ஐ வரை குறைவது இயல்பு. ஓடும் நான்கு டயர்களுக்கும் காற்றுப் பிடிக்கிறவர்கள் டிக்கியைத் திறப்பதில்லை என்பதால், ஓராண்டில் ஸ்டெப்னி பாதிக் காற்றை இழந்திருந்தால் வியப்பதற்கில்லை. ஓட்டுநர் கதவுத் தூணிலோ பெட்ரோல் மூடியின் உட்புறத்திலோ ஒட்டியிருக்கும் அட்டவணையில், முழுச் சுமைக்கு எந்த அளவு மிக அதிகமாகக் குறிக்கப்பட்டிருக்கிறதோ அந்த அளவுக்கு ஸ்டெப்னியில் காற்றுப் பிடித்து வையுங்கள். அதிகமாக இருக்கும் காற்றை நடுவழியில் குறைத்துக்கொள்ளலாம். குறைவாக இருப்பதை அங்கே கூட்ட முடியாது. மற்ற டயர்களை விட மெலிதாக இருக்கும் தற்காலிக ஸ்டெப்னி என்றால் கணக்கே வேறு. அதற்குப் பெரும்பாலும் 60 பிஎஸ்ஐ தேவைப்படும், அதன் பக்கவாட்டிலேயே அளவும் வேக வரம்பும் அச்சிடப்பட்டிருக்கும். மணிக்கு 80 கிலோமீட்டருக்கு மேல் அதை ஓட்டக் கூடாது என்பதே வழக்கமான வரம்பு.

அதே பக்கவாட்டில், டயர் தயாரான காலத்தைக் காட்டும் நான்கு இலக்கங்களையும் பாருங்கள். 2319 என்று இருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் என்று பொருள். ஒரு கிலோமீட்டர் கூட ஓடாத ஸ்டெப்னியும் காலப்போக்கில் இறுகி வெடிப்பு விடும். பத்து ஆண்டுகளைத் தாண்டிய டயரை, பார்க்கப் புதிதாக இருந்தாலும், மாற்றிவிடுவதே நல்லது. சில கார்களில் ஸ்டெப்னியே இருக்காது. அதற்குப் பதிலாக ஓட்டையை அடைக்கும் திரவப் புட்டியும் சிறிய காற்றுப் பம்ப்பும் தருவார்கள். அந்தத் திரவம் டயரின் ஓடுபரப்பில் உள்ள சிறிய ஆணித் துளைக்கு மட்டுமே உதவும், பக்கவாட்டுக் கிழிசலுக்கு உதவாது. புட்டியிலும் காலாவதித் தேதி உண்டு. புதிதாகக் கார் வாங்கியவர்களில் சிலர், ஸ்டெப்னி இல்லை என்பதையே பஞ்சரான பிறகுதான் அறிகிறார்கள்.

சக்கரத்தைக் கழற்றும் வரிசை எளிதானது, ஆனால் மாற்றிச் செய்தால் ஆபத்தானது. கைப்பிரேக்கை இழுத்து, வண்டியை கியரில் போட்டு, ஆட்டோமேட்டிக் என்றால் பார்க்கிங் நிலையில் வைத்து, பஞ்சரான சக்கரத்துக்குக் குறுக்கே எதிர்மூலையில் இருக்கும் சக்கரத்தின் இருபுறமும் கல்லோ கட்டையோ அண்டக் கொடுங்கள். சக்கரம் தரையில் அழுந்தி இருக்கும்போதே எல்லா நட்டுகளையும் இடஞ்சுழியாக அரைச் சுற்று தளர்த்த வேண்டும். தூக்கிய பிறகு முயன்றால் சக்கரம் சுழலும், வண்டி ஜாக்கியில் ஆடும். இந்தக் கட்டத்தில்தான் பலருடைய பலம் தீர்ந்துபோகிறது. பல கார்களில் நட்டுகளை ஏறக்குறைய 110 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசைக்கு இறுக்குவார்கள். வண்டியோடு வரும் கால் மீட்டர் நீளமுள்ள ஸ்பானரின் முனையில் அதற்கு ஏறத்தாழ 45 கிலோ அழுத்தம் தர வேண்டும். அரை மீட்டர் கைப்பிடி இருந்தால் அதில் பாதி போதும். கடையில் காற்றுத் துப்பாக்கியால் அளவுக்கு மீறி முறுக்கியிருந்தால் இது இரண்டு மடங்காகவும் ஆகலாம். ஆகவே பையில் புதிதாகச் சேர்க்க வேண்டிய முதல் கருவி, உங்கள் நட்டின் அளவுக்குப் பொருந்தும் நீளமான ஸ்பானர் அல்லது ப்ளஸ் வடிவ ஸ்பானர். வண்டியோடு வந்த ஸ்பானரின் மீது ஏறி நின்று மிதிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அது வழுக்கினால் நட்டின் விளிம்பும் தேயும், கணுக்காலும் சுளுக்கும்.

ஜாக்கியை வண்டியின் அடிவிளிம்பில் குறியிட்ட இடத்தில் மட்டுமே பொருத்த வேண்டும். அதன் அடியில் வைப்பதற்கு ஓர் அங்குலத் தடிப்பும் ஓரடி நீளமும் கொண்ட பலகைத் துண்டு ஒன்று போதும். எடையும் இல்லை, விலையும் இல்லை, ஆனால் மண்ணில் நிற்கும் வண்டிக்கு அதைவிடப் பயனுள்ள பொருள் வேறில்லை. கழற்றிய சக்கரத்தை வண்டியின் அடியில், விளிம்பை ஒட்டிப் படுக்கையாகப் போட்டு வைத்தால், ஜாக்கி நழுவினாலும் வண்டி அதன் மேல்தான் இறங்கும். ஹப்பில் ஒட்டிக்கொண்ட சக்கரத்தை, எதிரெதிர்ப் பக்கங்களில் மாறி மாறி ரப்பர் சுத்தியலால் தட்டி விடுவிக்கலாம். எந்த நிலையிலும் உடலின் எந்தப் பகுதியும் வண்டிக்கு அடியில் இருக்கக் கூடாது. ஸ்டெப்னியை மாட்டியதும் நட்டுகளை முதலில் கையால் திருப்பி, வண்டியை இறக்கிய பின் நட்சத்திர வரிசையில் எதிரெதிராக இறுக்குங்கள். 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடிய பிறகு மறுபடியும் ஒருமுறை இறுக்கிப் பார்ப்பது அவசியம்.

இனி பொருள்கள் இருக்க வேண்டிய இடம். பிரதிபலிக்கும் மேலாடையும் டார்ச் விளக்கும் டிக்கியில் இருப்பதில் அர்த்தமில்லை, ஏனெனில் கதவைத் திறந்து இறங்கும் முதல் நொடியிலேயே அவை தேவை. மேலாடை இருக்கைப் பையிலும், தலையில் மாட்டும் டார்ச் கைக்கெட்டும் அறையிலும் இருக்கட்டும். டார்ச்சைக் கையில் பிடித்துக்கொண்டு நட்டுத் திருப்ப முடியாது. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி ஒரு நொடியில் ஏறத்தாழ 28 மீட்டர் நகர்கிறது. ஆகவே எச்சரிக்கை முக்கோணத்தைப் பம்பருக்குப் பின்னால் நாலடி தள்ளி வைப்பதால் யாருக்கும் பயனில்லை. சாதாரணச் சாலையில் குறைந்தது ஐம்பது காலடி நடந்து வைக்க வேண்டும், வளைவுக்கு அப்பால் நின்றிருந்தால் வளைவுக்கு முன்னாலேயே வைக்க வேண்டும். அதிவேகச் சாலைகளில் இதற்காக நடந்து செல்வதே உயிராபத்து என்பதால், அங்கே அபாய விளக்குகளைப் போட்டுவிட்டு, எல்லோரும் தடுப்புக் கம்பிக்கு அப்பால் சென்று உதவிக்கு அழைப்பதே சரி. சக்கரம் மாற்றும் வேலையை அந்த இடத்தில் தொடங்கவே வேண்டாம்.

ஆவணங்களில் நான் காணும் கோளாறு, அவை இல்லாமல் போவதல்ல. காப்பீடு, புகைச் சான்று, உரிமம் ஆகியவை புறப்படும் நாளில் செல்லுபடியாகி, திரும்பும் நாளுக்கு முன் முடிந்துபோவதுதான். எனவே தேதிகளைத் திரும்பும் நாளைக் கொண்டு சரிபாருங்கள். கைபேசியில் இருக்கும் நகல் சில இடங்களில் ஏற்கப்படும், சில இடங்களில் ஏற்கப்படாது. எங்கும் ஏற்கப்பட்டாலும் சார்ஜ் தீர்ந்த கைபேசியில் அதைக் காட்ட முடியாது. ஒரு தாள் நகலையும், காப்பீட்டு எண்ணையும் உதவி எண்ணையும் எழுதிய அட்டையையும் டாஷ்போர்டு அறையில் வையுங்கள். கையேட்டில் ஜாக்கி வைக்கும் இடமும் ஃபியூஸ் அட்டவணையும் உள்ள பக்கங்களை மடித்துக் குறித்து வைப்பதும் உதவும்.

பேட்டரி இறங்கினால் பயன்படும் கேபிளைப் பற்றி ஒன்று மட்டும் சொல்ல வேண்டும்: கறுப்புக் கேபிளின் கடைசி முனையை இறங்கிய பேட்டரியில் மாட்டாமல், அதே வண்டியின் எஞ்சினில் வண்ணம் பூசாத உலோகப் பகுதியில் மாட்ட வேண்டும், ஏனெனில் அந்த இணைப்பில் எழும் பொறி பேட்டரியிலிருந்து கசியும் வாயுவைப் பற்ற வைக்கக் கூடும். தீயணைப்பான் ஓட்டுநர் இருக்கைக்கு அருகில் இருக்க வேண்டும், அதன் முள் பச்சைப் பகுதியில் நிற்க வேண்டும். முதலுதவிப் பெட்டியில் களிம்புகளைக் குறைத்து, இரத்தப் போக்கை அழுத்தி நிறுத்தப் போதுமான அகலத் துணிக்கட்டுகளைக் கூட்டுங்கள்.

ஸ்டெப்னி ஓடத் தொடங்கிய பிறகு உங்களிடம் மாற்றுச் சக்கரம் இல்லை. அதைப் பொருட்படுத்தாமல் மீதிப் பயணத்தை முடிப்பவர்களே இரண்டாவது முறை என்னை அழைக்கிறார்கள். அடுத்த ஊரிலேயே பஞ்சரான டயரைக் காட்டுங்கள். துளை ஓடுபரப்பில் இருந்தால் உட்புறமிருந்து ஒட்டிச் சரிசெய்யலாம். பக்கவாட்டில் இருந்தாலோ, காற்றில்லாமல் சில நூறு மீட்டர் ஓட்டியதில் உட்புறம் ரப்பர் தூளாக உதிர்ந்திருந்தாலோ, அந்த டயரை மாற்றத்தான் வேண்டும். வேலை முடிந்ததும், பூட்டு நட்டின் சாவி கருவிப் பைக்குத் திரும்பி வந்துவிட்டதா என்பதைப் பணம் கொடுப்பதற்கு முன் பாருங்கள்.