ஷண்ட்: இணைத்தடம் என்பதே பொருத்தம்

மின்னளவியின் சுருளுக்குப் பக்க இணைப்பில் வைக்கும் சிறிய மின்தடையை ஷண்ட் என்கிறார்கள். இந்த ஆங்கிலச் சொல்லுக்கு மின்தடை என்ற பொருள் முதலில் இல்லை. விலகு, ஒதுங்கு என்பதே பழைய பொருள். ரயில் பெட்டியை ஒரு தண்டவாளத்திலிருந்து பக்கத்துத் தண்டவாளத்துக்கு ஒதுக்குவதை ஷண்டிங் என்கிறோமே, அதே சொல்தான் மின்னியலிலும் வழங்குகிறது.

தமிழில் சிலர் இதை 'இணைத்தடை' என்று எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பாடநூல்களில் வரும் 'இணைத்தடம்' எவ்வளவோ மேல். தடம் என்றால் வழி. ரயில் 'தடம் புரண்டது' என்கிறபோது வருவதும் அந்தத் தடமே. ஷண்டின் வேலை மின்னோட்டத்தைத் தடுப்பதல்ல, அதற்கு வழிவிடுவது.

லூயிஜி கால்வானியின் பெயரைத் தாங்கிய, சிறு மின்னோட்டத்தை முள்ளால் காட்டும் கால்வனோமீட்டர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் சுருளின் மின்தடை 100 ஓம். 1 மில்லிஆம்பியரிலேயே முள் கடைசிக் கோட்டைத் தொட்டுவிடும். இதைக் கொண்டு 1 ஆம்பியர் வரை அளக்க வேண்டுமானால், மீதி 999 மில்லிஆம்பியரும் வேறு வழியில் போயாக வேண்டும். முழு விலக்கத்தில் சுருளின் இரு முனைகளுக்கிடையே இருப்பது 0.1 வோல்ட். பக்க இணைப்பில் உள்ள இணைத்தடத்துக்கும் அதே 0.1 வோல்ட்தான். அதை 0.999 ஆம்பியரால் வகுத்தால் 0.1001 ஓம் வருகிறது.

S = Ig × G / (I − Ig)

இதில் S இணைத்தடத்தின் தடை, G சுருளின் தடை, Ig முள்ளைக் கடைசிக் கோட்டுக்குக் கொண்டுபோகும் மின்னோட்டம், I அளக்க வேண்டிய உச்ச மின்னோட்டம்.

கணக்கு எளிது. இடறுவது இணைப்பில்தான். இணைத்தடத்தைப் பிடித்திருக்கும் திருகு சற்றுத் தளர்ந்து, அந்தத் தொடுமுனை 0.05 ஓம் கூட்டிவிட்டதாக வையுங்கள். பக்க வழியின் தடை 0.15 ஓம் ஆகிவிடும். சுருளுக்குள் ஒன்றரை மடங்கு மின்னோட்டம் நுழையும். உண்மையில் 0.67 ஆம்பியர் ஓடும்போதே முள் 1 ஆம்பியரைக் காட்டும். திருகை லேசாக அசைக்கும்போது முள் துள்ளினால் கோளாறு அங்கேதான். இதற்காகவே நல்ல இணைத்தடங்களில் நான்கு முனைகள் வைக்கிறார்கள்: முதன்மை மின்னோட்டத்துக்குத் தடித்த இரண்டு வெளிப்புறத்தில், மீட்டருக்கு மெல்லிய இரண்டு உட்புறத்தில். மீட்டர் கம்பியில் 0.05 ஓம் கூடினாலும், 100 ஓமுக்கு முன் அது ஒன்றுமில்லை.

வோல்ட்மீட்டருக்கு வரும்போது 'தடை' என்ற சொல் முழுப்பொருளோடு பொருந்துகிறது. அதே கருவி 10 வோல்ட் அளக்க, 10 வோல்ட்டில் 1 மில்லிஆம்பியர் மட்டுமே ஓடும்படி மொத்தத் தடை 10,000 ஓம் இருக்க வேண்டும். சுருளின் 100 போக, 9,900 ஓமைத் தொடராக இணைக்கிறோம். இதைத் தொடர் மின்தடை என்றே சொல்லலாம், இங்கே 0.05 ஓம் பிழை கண்ணுக்கே தெரியாது. தொடர் மின்தடை அறுந்தால் முள் சுழியிலேயே கிடக்கும், அவ்வளவுதான். இணைத்தடம் அறுந்தாலோ, வழி அடைபட்ட மின்னோட்டம் சுருள்மீது பாய்ந்து அதைக் கருக்கிவிடும்.