லீவு முடிந்து வரும் நாளில் நெஞ்சு இறுகினால்: பஞ்சாலைத் தொழிலாளிக்கு இ.எஸ்.ஐ. உரிமை

ப்ளோரூமிலும் கார்டிங்கிலும் வேலை பார்ப்பவர்களுக்கு இது பழக்கமான தொல்லை. வார லீவு முடிந்து வேலைக்கு வந்த அன்று, ஷிப்ட் பாதியில் நெஞ்சை யாரோ கயிறு போட்டு இறுக்கியது போல இருக்கும். மறுநாள் பரவாயில்லை. இதற்குப் பெயர் பிசினோசிஸ், அதாவது பஞ்சுத் தூசி நோய். பஞ்சோடு வரும் இலைத்தூளும், அதில் ஒட்டியிருக்கும் பாக்டீரியாவின் நச்சும் மூச்சுக்குழாயைச் சுருக்கிவிடுகின்றன. வருடக்கணக்கில் விட்டால் எல்லா நாளும் இறுக்கம் வரும். அப்புறம் மூச்சுத் திணறல் நிரந்தரமாகத் தங்கிவிடும்.

இ.எஸ்.ஐ.க்கான தொழில் நோய்களின் பட்டியலான மூன்றாம் அட்டவணை 'சி' பகுதியில் இந்த நோய் இருக்கிறது. இ.எஸ்.ஐ. கழகம் குறித்த காலம் பஞ்சுத் தூசியில் தொடர்ந்து வேலை பார்த்தவருக்கு நோய் வந்தால், வேறு காரணம் நிரூபிக்கப்படாத வரை அது வேலையில் ஏற்பட்ட காயம் என்றே எடுத்துக்கொள்ளப்படும். மெஷினில் விரல் போனவருக்கு உள்ள அதே உரிமைதான்.

சிக்கல் பரிசோதனையில் இருக்கிறது. முகாமில் எக்ஸ்ரே எடுத்து 'நார்மல்' என்று அனுப்பிவிடுவார்கள். பிசினோசிஸ் எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது. கல் தூசியால் வரும் சிலிகோசிஸ் மாதிரி நுரையீரலில் புள்ளி விழுவதில்லை. தேவைப்படுவது ஸ்பைரோமெட்ரி என்ற ஊதும் பரிசோதனை. அதையும் லீவு முடிந்த முதல் நாள், ஷிப்டுக்கு முன் ஒரு முறை, முடிந்ததும் ஒரு முறை செய்ய வேண்டும். ஒரு உதாரணம்: கார்டிங்கில் இருக்கும் ஒரு அக்கா காலையில் முதல் விநாடியில் 2.1 லிட்டர் ஊதுகிறார், மாலையில் 1.8. ஏறக்குறைய 14 சதவீதம் குறைவு. 10 சதவீதத்தைத் தாண்டினாலே தூசியைச் சந்தேகிக்க வேண்டும். காலையில் மட்டும் ஊதியிருந்தால் இது தெரியவே தெரியாது. விடுதியில் தங்கி வார லீவே எடுக்காமல் உழைப்பவர்களுக்கு இந்த ஏற்ற இறக்கம் மறைந்துபோகும் என்பது இன்னொரு தொந்தரவு.

இ.எஸ்.ஐ. டாக்டரிடம் 'இருமல்' என்று மட்டும் சொல்லாதீர்கள். எந்தப் பிரிவு, எத்தனை வருடம், எந்த நாளில் இறுக்கம் என்று சொல்லி, சீட்டில் எழுதச் சொல்லுங்கள். சம்பளச் சீட்டுகளைப் பத்திரமாக வையுங்கள். பழைய மில்லின் சீட்டும் தேவைப்படும். நிரந்தரப் பாதிப்பு எவ்வளவு என்று மருத்துவக் குழு முடிவு செய்யும். தினச் சம்பளம் 500 ரூபாய், சம்பாதிக்கும் திறனில் 40 சதவீதம் இழப்பு என்றால், சம்பளத்தில் 90 சதவீதமான 450-இல் 40 சதவீதம், நாளுக்கு ஏறக்குறைய 180 ரூபாய் என்ற கணக்கில் மாதாமாதம் வரும்.

துப்பட்டாவோ கைக்குட்டையோ இந்த நுண்தூசியை நிறுத்தாது. முகத்தில் இடைவெளி இல்லாமல் பொருந்தும் என்95 முகக்கவசம் வேண்டும். அதைவிட முக்கியம், மெஷினை ஏர் பைப்பால் ஊதிச் சுத்தம் செய்வதை நிறுத்தி, உறிஞ்சும் குழாயால் எடுப்பது. ஊதிய தூசி வேறெங்கும் போவதில்லை, அடுத்த மெஷினில் நிற்பவரின் மூக்குக்குத்தான் போகிறது.