கிணறு ஊறும் வேகமும் மோட்டார் இறைக்கும் வேகமும்

விடியும்போது கிணற்றில் மூன்று ஆள் ஆழத்துக்குத் தண்ணீர் நிற்கும். 5 எச்.பி. மோட்டாரைப் போட்டால் பத்து மணிக்குள் காத்து வாங்க ஆரம்பித்துவிடும். உடனே ‘கிணற்றில் தண்ணீர் இல்லை, ஆழப்படுத்த வேண்டும்’ என்ற பேச்சு எழும். கோவை, சேலம், தருமபுரி போன்ற பாறைப் பகுதிகளில் ஆழப்படுத்தச் செலவிடும் முன் ஒரு நாள் ஒதுக்கி, கிணறு என்ன வேகத்தில் ஊறுகிறது என்று அளந்து பாருங்கள். பல இடங்களில் கோளாறு கிணற்றில் இருக்காது, மோட்டார் தள்ளும் அளவில்தான் இருக்கும்.

சோதனைக்கு முந்தைய நாள் மாலையே மோட்டாரை நிறுத்துங்கள். பக்கத்துத் தோட்டக்காரரிடம் சொல்லி அவர் கிணற்றையும் ஓட விடாமல் பார்த்துக்கொள்வது நல்லது. காலையில் கைப்பிடிச் சுவரில் பெயின்ட்டால் ஒரு குறி போட்டு, எடை கட்டிய டேப்பால் அங்கிருந்து நீர்மட்டத்தை அளந்து எழுதுங்கள். இதுதான் நிலைமட்டம். பிறகு இறைத்து, மட்டத்தை 3 மீட்டர் இறக்கி, மோட்டாரை நிறுத்துங்கள். புட் வால்வு ஒழுகினால் குழாயில் நிற்கும் தண்ணீர் கிணற்றுக்கே திரும்பி முதல் அளவுகளைக் கெடுக்கும். அதை முன்பே சரிசெய்துவிட வேண்டும்.

இனி ஒவ்வொரு மணிக்கும், நிலைமட்டத்தைவிட நீர் எவ்வளவு கீழே இருக்கிறது என்று குறியுங்கள். இதை இறக்கம் என்போம். 6 மீட்டர் விட்டமுள்ள ஒரு வட்டக் கிணற்றை எடுத்துக்கொள்வோம். இறக்கம் தொடக்கத்தில் 3.00 மீட்டர், அடுத்தடுத்த மணிகளில் 2.64, 2.32, 2.04, 1.80. முதல் மணியில் 36 சென்டிமீட்டர் ஏறிய தண்ணீர் நான்காம் மணியில் 24 தான் ஏறியிருக்கிறது. இறக்கம் குறையக் குறைய ஊற்றும் மெதுவாகும். ஆனால் ஒவ்வொரு அளவையும் முந்தையதால் வகுத்தால் ஏறக்குறைய 0.88 என்றே வரும். இந்த விகிதம் மாறாமல் வந்தால் கீழே உள்ள கணக்கை நம்பலாம்.

```
C = ln(H1 / H2) / T
  = ln(3.00 / 1.80) / 4 = 0.128
K = C × A = 0.128 × 28.3 = 3.6
```

H1 தொடக்க இறக்கம், H2 கடைசி இறக்கம், T இடையில் கழிந்த மணிகள்; ln என்பது கால்குலேட்டரில் உள்ள இயல் மடக்கை. A என்பது நீர்மட்டம் இருக்கும் இடத்தில் கிணற்றின் பரப்பு, சதுர மீட்டரில். கீழே போகப் போகக் கிணறு குறுகினால் மேல் விட்டத்தை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். K சொல்வது இதைத்தான்: ஒரு மீட்டர் இறக்கத்துக்கு மணிக்கு 3,600 லிட்டர் ஊறும். 3 மீட்டர் இறக்கத்தில் மணிக்கு 10,800 லிட்டர், அதாவது நொடிக்கு 3 லிட்டர்.

இப்போது மோட்டாரைப் பாருங்கள். 200 லிட்டர் டிரம் 25 நொடியில் நிறைந்தால் அது நொடிக்கு 8 லிட்டர் தள்ளுகிறது. நிலைமட்டத்திலிருந்து அது 3 மீட்டரை இறக்க ஏறக்குறைய 3 மணி 40 நிமிடம்தான் ஆகும். அதற்குள் கிடைப்பது சுமார் 1,06,000 லிட்டர். அதே கிணற்றில் நொடிக்கு 3 லிட்டர் வீதம் 12 மணி நேரம் இறைத்தால் 1,30,000 லிட்டர் கிடைக்கும். மீதி 12 மணி நேரம் ஊறவிட்டு அடுத்த நாளும் அப்படியே தொடர்ந்தாலும் இறக்கம் 2.5 மீட்டரைத் தாண்டாது. மெதுவாக இறைத்தால் அதிகத் தண்ணீர் என்பது கேட்க வேடிக்கைதான். ஆனால் இறைக்கும் நேரம் நீளும்போது, மட்டம் இறங்கி ஊற்று வேகமாக வரும் நேரமும் நீள்கிறது.

மும்முனை மின்சாரம் அவ்வளவு நேரம் கிடைக்காத இடத்தில், ஒரே மூச்சில் இறைப்பதைவிடக் காலையும் மாலையும் பிரித்து இறைக்கலாம். கிணறு முழுக்க நிறையட்டும் என்று காத்திருக்க வேண்டாம்; கடைசி அரை மீட்டர் ஏறத்தான் அதிக நேரம் பிடிக்கும். இருக்கும் மோட்டாரையே கட்டுப்படுத்துவதானால் கேட் வால்வை வெளியேற்றும் குழாயில் வையுங்கள். உறிஞ்சும் குழாயில் வைத்து நெரித்தால் பம்பின் இம்பெல்லர் அரித்துப்போகும். வால்வை முக்கால்வாசி மூடித்தான் அளவுக்குக் கொண்டுவர முடிகிறது என்றால், சிறிய பம்பு வாங்குவதே சரி.

இந்தக் கணக்கு ஏமாற்றும் இடம் ஒன்று உண்டு. ஊற்றுக்கண் நீர்மட்டத்துக்கு மேலே இருந்து தண்ணீர் பாறையில் வழிந்து விழுந்தால், எவ்வளவு இறக்கினாலும் வரத்து கூடாது. அப்போது மணிக்கு மணி ஒரே அளவாக, 36, 36, 36 சென்டிமீட்டர் என்றே ஏறும். மேற்சொன்ன கிணற்றில் அப்படி ஏறினால் வரத்து மணிக்குச் சுமார் 10,000 லிட்டர், அவ்வளவுதான். ஆனால் அந்த நான்கு மணி அளவுகளைச் சூத்திரத்தில் போட்டால் 3 மீட்டர் இறக்கத்துக்கு 13,900 என்று காட்டும். அதை நம்பி இறைத்தால் கிணறு வற்றும். இங்கே ஊற்றுக்கண்ணுக்குக் கீழே மட்டத்தை இறக்குவதில் லாபமில்லை.

ஐப்பசி மழைக்குப் பிறகு எடுத்த அளவு சித்திரைக்கு உதவாது. நிலைமட்டம் இறங்கும்போது மேல் ஊற்றுகள் வறண்டு K சுருங்கும். ஏப்ரல், மே மாதத்தில் ஒரு முறை திரும்ப அளந்து, அந்த எண்ணை வைத்தே பம்பைத் தேர்ந்தெடுங்கள்.